ஒரு நாள் ஆட்டம் ஓராண்டில் எவ்வளவு?

ஒரு பங்கின் அன்றாட ஏற்ற இறக்கம், அதாவது தினசரி லாப நட்ட சதவீதங்களின் திட்ட விலக்கம், 1% என்று வைத்துக்கொள்வோம். ஆண்டில் சந்தை சுமார் 252 நாள் நடக்கும். ஆண்டுக்கு 252% என்று பெருக்கிவிடக் கூடாது. ஏறிய நாளும் இறங்கிய நாளும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டும். கூட்டத் தக்கது திட்ட விலக்கமல்ல, அதன் வர்க்கமான மாறுபாடு. அது 252 மடங்காகும். வர்க்கமூலம் எடுத்தால் 15.87 மடங்கு. ஆக, ஆண்டுக்கு 15.87%.

இந்தக் கூட்டல் செல்ல இரண்டு நிபந்தனைகள் உண்டு. நேற்றைய போக்குக்கும் இன்றைய போக்குக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. ஆட்டத்தின் அளவும் ஆண்டு முழுதும் ஏறக்குறைய மாறாதிருக்க வேண்டும். இரண்டாவது அடிக்கடி பொய்க்கும்: 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் நிஃப்டி சுமார் 13% சரிந்தது. அமைதியான மாதத்துக் கணக்கு அந்த மார்ச்சுக்கு உதவாது.

முதலாவதைச் சோதிப்பது எளிது. தினசரி 1% என்றால், ஐந்து நாள் விலக்கம் √5 மடங்கு, அதாவது 2.24% இருக்க வேண்டும். வர்த்தகம் குறைந்த சிறு பங்கில் விலை மெல்லத்தான் நகரும். ஒரு செய்தியின் பாதிப்பு பல நாளுக்குப் பரவும். அங்கே ஐந்து நாள் விலக்கம் 2.8% என்று வந்தால், வாரக் கணக்கில் (√52) ஆண்டுக்கு 20% ஆகிறது. தினசரிக் கணக்கு காட்டிய 15.87% அபாயத்தைக் குறைத்தே சொல்லியிருக்கிறது. இத்தகைய பங்குகளுக்கு வாரக் கணக்கையே நம்புவேன்.