தவறிய தேர்வுக்கு ஒரு மின்னஞ்சல்

விடிந்தால் இன்டர்னல் தேர்வு. இரவு குடல்வால் அழற்சி, அவசர அறுவை சிகிச்சை. இப்படித் தேர்வைத் தவறவிட்ட மாணவி மறுதேர்வு கேட்டு எழுதும் மின்னஞ்சலில் முதலில் பார்க்கப்படுவது தேதிகள்தான்.

பொருள் வரியிலேயே பதிவு எண், பாடக் குறியீடு, தேர்வு நாள் மூன்றும் இருக்கட்டும். துறைத் தலைவர் மேற்கொண்டு எதையும் தேடவேண்டியிராது. உள்ளே இவ்வளவு போதும்: "ஐயா, 12ஆம் தேதி இரவு 11 மணிக்கு மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். அதனால் 13ஆம் தேதித் தேர்வை எழுத இயலவில்லை. 16ஆம் தேதி வீடு திரும்பினேன். டிஸ்சார்ஜ் சம்மரியை இணைத்துள்ளேன். 24ஆம் தேதிக்குப் பின் மறுதேர்வு எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்."

வலியை வர்ணிக்கத் தேவையில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் அனுமதித்த நாளும் வீடு திரும்பிய நாளும் இருக்கும். தேர்வு நாள் அவற்றுக்கு நடுவில் விழுகிறதா என்பதே கேள்வி. பிறகு வாங்கிய வெறும் மருத்துவச் சான்றிதழ் சந்தேகத்தைக் கிளப்புவது இதனால்தான். சம்மரி கைக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தேர்வன்றே பெற்றோர் இரண்டு வரி அனுப்பிவிட்டால், பின்னால் வரும் விண்ணப்பத்துக்கு அதுவே சாட்சி.

செமஸ்டர் தேர்வு என்றால் கதை வேறு. இணைப்புக் கல்லூரிகளில் அதை நடத்துவது பல்கலைக்கழகம். முதல்வர் மனம் வைத்தாலும் தனித் தேர்வு வைக்க முடியாது. பெரும்பாலும் அடுத்த வாய்ப்பில் அரியராகத்தான் எழுதவேண்டிவரும்.