வெள்ளையடிக்க எத்தனை கிலோ சுண்ணாம்பு?

பொங்கலுக்கு முன் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு வீடு சுண்ணாம்பு வாங்குவார்கள். எவ்வளவு வாங்குவது என்பது பெரும்பாலும் போன வருஷ நினைவிலும் கடைக்காரர் சொல்லிலும் முடிவாகிறது. வெளிச்சுவரில் பாதியிலேயே தீர்ந்துவிடும். அல்லது அரை மூட்டை மிஞ்சி மூலையில் கிடந்து பொடியாகும். சுவரின் அளவு, எத்தனை முறை அடிக்கப் போகிறோம் என்ற எண்ணிக்கை, வாங்கும் சுண்ணாம்பு நீற்றினால் எவ்வளவு காணும் என்பது, இந்த மூன்றும் தெரிந்தால் கணக்குத் தப்பாது. முதல் இரண்டையும் யாரும் அளந்துவிடலாம். மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை. கணக்கு பெரும்பாலும் அங்கேதான் தவறுகிறது.

100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி, 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். கல்லின் நடுப்பகுதிக்குச் சூடு எட்டவில்லை என்றால் அது வேகாத கல்லாகவே உள்ளே இருக்கும். நாம் வாங்கும் எடையில் அதுவும் சேர்ந்துதான் வருகிறது. இன்னொரு பக்கம், சுட்ட சுண்ணாம்பு காற்றுப்பட்டுக் கிடந்தால் ஈரத்தையும் வாயுவையும் இழுத்துத் தானாகவே பொடிந்துவிடும். அந்தப் பொடியில் தண்ணீர் ஊற்றினால் சூடு கிளம்பாது. சுவரில் பிடிப்பும் இருக்காது.

அதனால் மூட்டையாக வாங்கும் முன் ஒரே ஒரு கிலோ வாங்கி நீற்றிப் பாருங்கள். இரும்புச் சட்டியிலோ மண்பானையிலோ 3 லிட்டர் தண்ணீர் ஊற்றி, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் போட வேண்டும். பிளாஸ்டிக் வாளி கூடாது, சூட்டில் இளகிவிடும். சுண்ணாம்பைக் குவித்து அதன்மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கமும் நல்லதில்லை. தண்ணீர் போதாத இடத்தில் சூடு மீறி, கட்டி கரையாமல் நறநறப்பாகவே நின்றுவிடும். நல்ல சரக்கென்றால் சில நிமிடங்களில் சீறி, ஆவி விட்டு, கொதித்து உடையும். அப்போது முகத்தை மேலே நீட்டாதீர்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வைக்கே ஆபத்து. உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, மருத்துவரிடம் போக வேண்டும்.

மறுநாள் மேலே தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டுப் பார்த்தால், வெண்ணெய்ப் பதத்தில் ஏறத்தாழ 2 லிட்டர் நீற்றுச் சுண்ணாம்பு இருக்க வேண்டும். அதைத் தண்ணீரில் கரைத்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். துணியில் நிற்கும் கல்லையும் கப்பியையும் கழுவிக் காயவைத்து எடை போடுங்கள். 50 கிராம் என்றால் அருமையான சரக்கு. 200 கிராம் என்றால் கொடுத்த காசில் ஐந்தில் ஒரு பங்கு கல்லுக்குப் போகிறது.

அடுத்தது சுவர். ஓட்டு வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடுத்தடுத்து இரண்டு அறைகள், ஒவ்வொன்றும் உள்ளளவு 12 அடிக்கு 14 அடி. முக்கால் அடிச் சுவர், உள்ளே 9 அடி உயரம். ஓர் அறையைச் சுற்றி 52 அடி. இரண்டுக்கும் 104 அடி. உயரத்தால் பெருக்கினால் உட்புறம் 936 சதுர அடி. வெளிப்புறச் சுற்றளவு 83½ அடி. வெளியே தரையிலிருந்து அளக்க வேண்டும். பேஸ்மட்டம் ஒன்றரை அடி என்றால் உயரம் 10½ ஆகி, 877 சதுர அடி வரும். பலர் விட்டுவிடும் இடம் இந்தப் பேஸ்மட்டம்தான்; இந்த வீட்டில் அது மட்டுமே சுமார் 125 சதுர அடி. இரு முனைச் சுவர்களின் மேலுள்ள முக்கோணத்துக்கு, அகலத்தை உயரத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் போதும். உள்ளும் வெளியும் சேர்த்து 141 வருகிறது. மொத்தம் 1,954.

வாசல், ஜன்னலைக் கழிக்க எளிய வழக்கம் ஒன்று உண்டு: ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிப்பது. மறுபக்கத்து அளவு, நிலையை ஒட்டி உள்வாங்கிய சுவர் விளிம்புகளுக்கு ஈடாகிவிடும். மூன்று வாசலுக்கும் மூன்று ஜன்னலுக்குமாக 95 சதுர அடி கழித்தால் ஏறக்குறைய 1,860 நிற்கும். திண்ணை இருந்தால் அதைத் தனியே கூட்டிக்கொள்ளுங்கள்.

கட்டுமானக் கணக்கில் 100 சதுர மீட்டருக்கு, ஒரு கோட்டுக்கு 10 கிலோ சுட்ட சுண்ணாம்பு என்பது நெடுநாள் அளவு. 100 சதுர மீட்டர் என்பது 1,076 சதுர அடி. ஆயிரம் சதுர அடிக்கு 10 கிலோ என்று வைத்துக்கொண்டால் நினைவிலும் நிற்கும், கொஞ்சம் கைகாவலும் இருக்கும். நம் வீட்டுக்கு ஒரு கோட்டுக்கு 18.6 கிலோ. ஏற்கெனவே வெள்ளையடித்த சுவரைச் சுரண்டிக் கழுவி, இரண்டு கோட் அடிக்க 37 கிலோ போதும். புதுப் பூச்சுச் சுவருக்கு மூன்று கோட் வேண்டும். அதற்கு 56 கிலோ. சோதனையில் ஐந்தில் ஒரு பங்கு கல்லாக நின்ற சரக்கென்றால், 56-ஐ 0.8 ஆல் வகுத்து 70 கிலோ வாங்க வேண்டியிருக்கும். விலை மலிவு என்று அந்தச் சரக்கை எடுப்பவர் இந்த 14 கிலோவையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

சொரசொரப்பான சுவர் இன்னும் அதிகம் குடிக்கும். வழவழப்பான சிமெண்டுப் பூச்சுக்குக் குறைவாகவே செல்லும். உங்கள் சுவருக்கு எது என்று அறிய, சோதனைக்கு நீற்றிய அதே ஒரு கிலோ உதவும். எல்லாத் தண்ணீரும் சேர்த்துக் கிலோவுக்கு 5 லிட்டர் என்ற கணக்கில் கரைத்து, பத்தடிக்குப் பத்தடி சுவரில் ஒரு கோட் அடித்துப் பாருங்கள். பாதி மிஞ்சினால் வாங்குவதையும் பாதியாக்கலாம்.

மூன்று கோட்டுக்குப் பதில் கெட்டியாக ஒரே கோட் அடித்து வேலையை முடிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடி கல்லாக மாறித்தான் சுவரைப் பற்றுகிறது. கெட்டியான பூச்சில் மேல்தோல் மட்டும் இறுகி, அடியில் காய்ந்த பொடியே தங்கும். பிறகு அது செதில் செதிலாக உரியும். ஈரமாக இருக்கும்போது சுண்ணாம்பு பாதி கண்ணாடி போலத்தான் தெரியும், காய்ந்தபின்தான் வெளுக்கும். அது தெரியாமல் "வெள்ளையே ஏறலியே" என்று மேலும் மேலும் பூசுவதால்தான் கெட்டியாகிப் போகிறது. சுவரை முதலில் நனைத்து, பால் பதத்தில் ஒரு கோட் மேலும் கீழுமாக, அது காய்ந்தபின் அடுத்தது குறுக்காக அடிப்பதே சரி. இரண்டு நாள் கழித்து உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். கை வெள்ளையானால், வெயிலில் அவசரமாகக் காய்ந்திருக்கலாம், அல்லது பிசின் போதாமல் இருக்கலாம். லிட்டர் கரைசலுக்கு 4 கிராம் பிசினை வெந்நீரில் கரைத்துச் சேர்ப்பது வழக்கம். அடித்த சில நாளில் சுவரில் சின்னச் சின்னக் குழியாகத் தெறித்து விழுந்தால், உடையாத துகள் வடிகட்டியில் தப்பிவிட்டது என்று பொருள். நீற்றியபின் ஒரு நாளாவது ஊறவிட வேண்டும். ஒரு வாரம் ஊறினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

கடையில் பையில் கிடைக்கும் நீற்றிய சுண்ணாம்புத் தூளை வாங்குபவர் எடையை மாற்றிக்கொள்ள வேண்டும். நீறும்போது ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு 320 கிராம் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. எனவே 56 கிலோவுக்கு ஈடாகத் தூள் 74 கிலோ வேண்டும். சுட்ட சுண்ணாம்பு வாங்கியவர்கள் மொத்தத்தையும் உடனே நீற்றிவிடுவது நல்லது. மூட்டையாக வைத்தால் வீணாகும். நீற்றியது மிஞ்சினால் மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது.