காலர் மைக்கும் இரண்டு போன்களும்

தனுஷ்கோடி போய்வந்து, பயண வ்லாக்கை எடிட் செய்ய உட்காருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காருக்குள் பேசியது உங்கள் போனில் இருக்கிறது. கடற்கரையில் நடந்தபடி பேசியது காலர் மைக் வழியாக ஒரு சின்ன ரெக்கார்டரில் பதிவாகியிருக்கிறது. மீன் கடைக்காரரிடம் நீங்கள் பேசுவதை நண்பர் தள்ளி நின்று தன் போனில் எடுத்திருக்கிறார். மூன்றையும் ஒட்டி ஓட்டினால் கார் காட்சியில் காது வலிக்கிறது, கடற்கரையில் பேச்சே கேட்கவில்லை.

போன் தானாகவே ஒலியை ஏற்றி இறக்கிப் பதிவு செய்யும். ரெக்கார்டரோ நாம் வைத்த அளவில்தான் பதியும். ஒலி உடைந்துவிடுமோ என்ற பயத்தில் அதைக் குறைத்தே வைப்போம். ஆகவே இசை சேர்ப்பதற்கு முன்பே கிளிப்புகளை ஒரு மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

பலரும் உடனே அழுத்துவது `Normalize`. அது பார்ப்பது கிளிப்பின் மிக உயரமான ஒரே ஒரு முனையை மட்டும்தான். நண்பர் எடுத்த கிளிப்பில் யாரோ கார் கதவை அறைந்து சாத்தியிருந்தால், அந்தச் சத்தத்தை உச்சத்தில் நிறுத்திவிட்டு வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்ளும். பேச்சு பழையபடி அடியிலேயே கிடக்கும்.

காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்க வேறு அளவு இருக்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் வெளியிட்ட BS.1770 தரத்திலிருந்து வந்தது அது. திரையில் LUFS என்று காட்டும். அடித்தொனி இரைச்சலுக்கு அது குறைந்த மதிப்பே தரும். பின்னால் வந்த திருத்தத்தின்படி, பேச்சுக்கு நடுவே வரும் மௌனங்களையும் கணக்கில் சேர்க்காது. எண்கள் எல்லாம் மைனஸில் இருக்கும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க ஒலி பெரிது.

அளப்பதற்கு முன் கிளிப்பை வெட்டிப் பேச்சை மட்டும் தனியாக்குங்கள். மௌனத்தைத் தள்ளத் தெரிந்த மீட்டருக்குப் பேச்சையும் மேளத்தையும் பிரிக்கத் தெரியாது. நம் உதாரணத்தில் கார் பேச்சு -16, நண்பரின் போன் -26, ரெக்கார்டர் -30 என்று வருகிறது. பேச்சுக்கு -20 என்று ஓர் இலக்கு வைத்தால் காரை 4 டெசிபெல் குறைக்க வேண்டும், நண்பருடையதை 6, ரெக்கார்டரை 10 ஏற்ற வேண்டும். கிளிப் முழுவதற்கும் ஒரே அளவு. கம்ப்ரசரை இப்போது தொட வேண்டாம். அதை முதலிலேயே போட்டால் எந்தக் கிளிப்பில் என்ன கோளாறு என்பதே தெரியாமல் போகும்.

அந்தக் கார் கதவு இன்னும் அங்கேயே இருக்கிறது. அதன் உச்சம் -4 என்றால், 6 ஏற்றியதும் +2 ஆகி, வெளியே எடுக்கும்போது கரகரக்கும். முழுக் கிளிப்பையும் தாழ்த்தத் தேவையில்லை. அந்த நொடியை மட்டும் வெட்டி 8 டெசிபெல் குறைத்தால் -6-இல் நின்றுவிடும்.

காலர் மைக்கில் ஒரு பொறி உண்டு. அது பெரும்பாலும் மோனோ. மோனோ கோப்பை ஒற்றைத் தடமாக அளந்தால், இரு ஸ்பீக்கரிலும் கேட்கும் அதே குரலைவிட 3 குறைவாகக் காட்டும். நம் ரெக்கார்டர் -33 என்று காட்டியிருந்தால் 13 ஏற்றி, அந்தக் குரலை மட்டும் தூக்கலாக்கிவிடுவோம். ஆடாசிட்டியில் `Loudness Normalization` எஃபெக்டுக்குள் `Treat mono as dual-mono` என்ற கட்டம் இதற்காகத்தான் இருக்கிறது. அதில் டிக் இருக்கட்டும். முதலில் -23 என்று நிற்கும் இலக்கை -20 ஆக்குங்கள்.

பேச்சே இல்லாத கிளிப்புகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே பட்டனை அழுத்தினால், அமைதியான கடற்கரைக் காட்சியின் காற்றுகூடப் பேச்சளவுக்கு எழுந்து இரையும். அவற்றைப் பக்கத்துப் பேச்சோடு சேர்த்துக் கேட்டு, கையால் வைப்பதே சரி.

எண்ணால் தீராதவையும் உண்டு. நீங்கள் பேச்சை நிறுத்தியதும் போன் தானாக ஒலியைக் கூட்டியிருந்தால், இடைவெளிகளில் இரைச்சல் பொங்கி எழும். அந்த இடைவெளிகளை வெட்டித் தனியாகத் தாழ்த்த வேண்டியதுதான். 10 டெசிபெல் ஏற்றிய ரெக்கார்டரில் அடியில் இருந்த சீற்றமும் 10 ஏறியிருக்கும். சரிபார்க்க, ஸ்பீக்கரை மிகவும் குறைத்துவைத்து, திரையைப் பார்க்காமல் ஒவ்வொரு வெட்டையும் தாண்டிக் கேளுங்கள். எந்தப் பேச்சு காணாமல் போகிறதோ அதை 1 அல்லது 2 டெசிபெல் திருத்துங்கள்.

இந்த -20 வேலை நடக்கும்போது வைத்துக்கொள்ளும் மட்டம்தான். இசைக்கும் கடலோசைக்கும் இடம் விடுவதற்காக. மிக்சிங் முடிந்தபின் மொத்தத்தையும் -14 LUFS-க்கு அருகே, உச்சம் -1-ஐத் தாண்டாமல் ஏற்றலாம். -14-ஐவிட உரக்க இருப்பதை யூடியூப் தானே குறைத்துவிடும், மெதுவாக இருப்பதை ஏற்றாது. பதிவேற்றிய வீடியோவில் `Stats for nerds` திறந்தால், `content loudness` என்ற இடத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று டெசிபெல்லில் காட்டும்.