உழைப்பே உலகமான கணவரும் ஒரு செவ்வாய்க்கிழமையும்

மதுவாலும் சூதாலும் சிதைந்த இல்லங்களைப் பற்றி மறையுரைகளில் பலமுறை கேட்டிருப்பீர்கள். உழைப்பால் வாடும் இல்லங்களைப் பற்றிக் கேட்டிருப்பது அரிது. குடிப்பவனின் மனைவி முறையிட்டால் ஊரே அவளுக்காகப் பரிந்து பேசும். இரவு பகல் பாராது உழைக்கும் கணவனைப் பற்றி ஒருத்தி முறையிட்டாலோ, “உனக்கென்னம்மா குறை? சம்பாதிச்சுக் கொண்டாந்து கொட்டற மனுசன்” என்று அவள் வாயை அடைத்துவிடுவார்கள். ஆகவே அவள் தன் துயரைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, ஒருநாள் அது பொங்கி வழியும்போது, “நானா, உங்கள் வேலையா? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்” என்று கெடு விதிக்கிறாள்.

மிதமிஞ்சிய உழைப்பையும் ஒரு வகைப் போதையாகக் கருத வேண்டும் என்று முதலில் எழுதியவர்களுள் ஒருவர் நம்மைப் போன்ற ஓர் ஆன்மப் பணியாளர்தான். அமெரிக்கப் பாப்டிஸ்ட் சபைப் போதகரும் சமய உளவியல் பேராசிரியருமான வேய்ன் ஓட்ஸ் என்பார், ‘வொர்க்கஹாலிக்’ என்னும் சொல்லை 1968-ல் ஒரு கட்டுரையிலும் 1971-ல் ஒரு நூலிலும் பயன்படுத்திப் பரவச் செய்தார். மதுவுக்கு அடிமையானவரைக் குறிக்கும் சொல்லின் சாயலிலேயே இதை அமைத்தார். தம்மையே அவர் அவ்வகையினருள் ஒருவராகக் கண்டார் என்பது குறிப்பிடத்தக்கது. அவருடைய சிறு மகன் தந்தையைக் காண்பதற்கு நேரம் குறித்துத் தரும்படி கேட்டானாம்.

எனினும் அதிகம் உழைப்பவர் அனைவரும் அவ்வகையினர் அல்லர். கடன் தீரும்வரை உழைப்பவர் உண்டு. பருவகால நெருக்கடியில் உழைப்பவர் உண்டு. இவர்களை எப்படிப் பிரித்தறிவது? நெருக்கடி தீர்ந்தபின் வரும் வாரத்தைப் பாருங்கள். சரக்கு கப்பலேறிவிட்டது, கணக்கு முடிந்துவிட்டது, மேலதிகாரி ஊரில் இல்லை. இருந்தும் வீடு திரும்பும் நேரம் மாறவில்லை என்றால், அவரைப் பிடித்திருப்பது வேலை மட்டும் அன்று. விடுமுறை நாளில் இனம்புரியாத எரிச்சல், பிள்ளையின் பிறந்தநாளில்கூடக் கைப்பேசியின் மீதே கண், வேலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் முகத்தில் ஒளி ஆகியவையும் அதன் அடையாளங்களே.

நான் முன்பு பணிபுரிந்த திருப்பூர்ப் பகுதிப் பங்கில் ஒரு குடும்பம் இருந்தது. கணவர் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். அதாவது வெளிநாட்டுக் கொள்முதலாளரின் கட்டளையை வாங்கி, நூல் முதல் பெட்டி கட்டுவதுவரை ஒவ்வொரு படியையும் விரட்டிக்கொண்டிருப்பவர். இவ்வேலையில் ஓர் இயல்பான சிக்கல் உண்டு. ஜெர்மனியின் கடிகாரம் நம்மினும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும், கோடையில் மூன்றரை மணி நேரமும் பிந்தியது. நமக்கு மாலை வந்து பிள்ளைகள் பாடம் எழுத அமரும் வேளையில் அங்கே அலுவலகம் மும்முரமாக நடந்துகொண்டிருக்கும். மின்னஞ்சல்கள் வந்து விழுவது அப்போதுதான். அவர் இரவு பத்துக்கு முன் வீடு சேர்வது அபூர்வம். ஆறாம் வகுப்பில் ஒரு மகள், இரண்டாம் வகுப்பில் ஒரு மகன். மனைவி இரண்டு முறை கெடு விதித்துப் பார்த்தார். ஒருமுறை தாய்வீட்டுக்கும் போய்விட்டார். கணவர் அஞ்சிப் பத்து நாள் எட்டு மணிக்கே வந்தார். பதினோராம் நாள் பழைய கதை.

கெடு பயன் தராமைக்குக் காரணம் உண்டு. வேலையில் தம் தகுதியை நிலைநாட்ட ஓடிக்கொண்டிருப்பவருக்கு, வீட்டிலும் தேர்வு ஒன்று வைக்கப்பட்டால், வீடு இன்னோர் அலுவலகமாகிவிடுகிறது. அதுவும் தோல்வி நிச்சயமான அலுவலகம். மேலும், சொன்ன கெடுவை நிறைவேற்றாத மனைவியின் சொல்லுக்கு மறுமுறை மதிப்பு இராது. நிறைவேற்றினாலோ வீடே போயிற்று.

அந்த அம்மையார் என்னிடம் வந்தபோது, கணவரை அழைத்துப் புத்தி சொல்லும்படி கேட்டார். அதற்குமுன் மூன்று வாரம் ஒரு வேலை செய்யும்படி நான் வேண்டினேன். சமையலறை நாட்காட்டியில் கணவர் வந்த நேரத்தைப் பென்சிலால் குறித்து வைக்க வேண்டும். அதை அவரிடம் நீட்டிச் சண்டையிடக் கூடாது. குற்றப்பத்திரிகை எழுதுவது அன்று நோக்கம். வெள்ளம் எந்த நாளில் வடிகிறது என்று அறிவதே நோக்கம். மூன்று வாரக் குறிப்பில் தெளிவாகத் தெரிந்தது இது: வெள்ளியும் சனியும் தூத்துக்குடிக்கு லாரி ஏறும் நாட்கள், சனி சம்பள நாளும்கூட, அவ்விரு நாளும் நள்ளிரவாகிறது. திங்களன்று வாரத் தொடக்கக் குழப்பம். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அவர் வந்த நேரம் 8.40, 8.50, 9.10. ஆகக் கேட்க வேண்டிய நாள் செவ்வாய். அதுவரை அவர் கேட்டுவந்தது, “தினமும் சீக்கிரம் வாருங்கள்” என்பது. ‘தினமும்’ என்பதும் ‘சீக்கிரம்’ என்பதும் அளக்க இயலாத சொற்கள். நிறைவேற்றியதாகக் கணவர் ஒருநாளும் சொல்லிக்கொள்ள முடியாது.

அடுத்தது கேட்கும் வேளை. இரவு பத்தரை மணிக்கு வாசற்படியில் கேட்பது வீண். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜான் காட்மன் புதுமணத் தம்பதியரின் வாக்குவாதங்களை ஆராய்ந்து, 1999-ல் வெளியான ஆய்வொன்றில், உரையாடலின் முதல் மூன்று நிமிடங்கள் சென்ற விதமே திருமணத்தின் போக்கை வெகுவாக முன்னுணர்த்துகிறது என்று காட்டினார். கடுமையாகத் தொடங்கிய பேச்சு கடுமையாகவே முடியும். அம்மையார் ஞாயிறு திருப்பலி முடிந்து, காலை உணவுக்குப் பின் கேட்டார்: “ஏனுங்க, வாரத்துல ஒரு நாள், செவ்வாய்க்கிழமை ராத்திரி மட்டும், ஒரு மணி நேரம் எங்களோட இருக்க முடியுங்களா? எத்தனை மணின்னு நீங்களே சொல்லுங்க.” ‘நீங்கள் எப்போதும்’, ‘நீங்கள் ஒருபோதும்’ என்ற சொற்கள் அதில் இல்லை. அவர் சற்று யோசித்து, “எட்டரை” என்றார். எட்டு என்று பேரம் பேசவில்லை அம்மையார். தாமே குறித்த நேரத்தை மனிதர் காப்பாற்றுவதற்கும், பிறர் குறித்ததைக் காப்பாற்றுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

கைப்பேசிதான் இடறுகல். அதை அணைத்துவிடச் சொன்னால் அந்த மனிதருக்கு மூச்சே நின்றுவிடும். அவர்கள் கண்ட வழி நல்லது. கைப்பேசி அலமாரியில் இருக்கும். லாரி, விபத்து போன்றவற்றுக்குக் கம்பெனியில் உள்ளவர் நேரடியாக அழைக்கலாம். மணி அடித்தால் எடுப்பார். வாட்ஸ்அப்பும் மின்னஞ்சலும் 9.30 வரை காத்திருக்கும். அப்போது ஜெர்மனியில் மாலை ஐந்தோ ஆறோ. அன்றைய அலுவல் ஓய்ந்திருக்கும். ஒருமுறை பார்த்துக்கொள்வதால் கெடுதல் ஒன்றும் இல்லை.

இன்னொரு விதியும் செய்தார்கள். இதுவே முழு ஏற்பாட்டின் அச்சாணி என்பது என் கருத்து. வர இயலாவிடில் மாலை ஐந்து மணிக்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லும்போதே மாற்று நேரத்தையும் குறிப்பிட வேண்டும். அது இரண்டு நாட்களுக்குள் அமைய வேண்டும். ‘இன்று இல்லை’ என்பது குடும்பத்துக்கு இழப்பு. ‘இன்று இல்லை, வியாழன் காலை ஆறரைக்கு’ என்பது வெறும் இடமாற்றம். பிள்ளைகள் நீண்ட நேரத்தைவிட நிச்சயமான நேரத்தையே பெரிதாக மதிக்கிறார்கள்.

முதல் எட்டு வாரங்களின் கணக்கு இதோ. ஐந்து செவ்வாய்க்கிழமைகள் குறித்தபடி நடந்தன. மூன்றாம் வாரம் சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியில் நிறம் மாறியிருந்தது. நான்கு மணிக்கே தகவல் சொல்லி வியாழன் காலைக்கு மாற்றினார். ஏழாம் வாரமும் அவ்வாறே ஒரு மாற்றம். ஐந்தாம் வாரத்தில்தான் சோதனை. தகவலே இல்லாமல் பதினொரு மணிக்கு வந்து நின்றார். மனைவியும் பிள்ளைகளும் எட்டரைக்கே உண்டுவிட்டு, அவருடைய உணவை மூடி வைத்திருந்தனர். அன்றிரவு அம்மையார் எதுவும் சொல்லவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. மறுநாள் காலை ஒரே ஒரு கேள்வி: “நேத்து நாளை எந்த நாளுக்கு மாத்திக்கலாமுங்க?” அவர் “இன்னைக்கே” என்றார், வந்தார்.

உண்ணாமல் காத்திருத்தல் நம் பெண்களிடம் போற்றப்படும் ஒரு வழக்கம். இந்நோய்க்கு அது மருந்தன்று. பசியோடு காத்திருப்பவள் பேச்சில் சினம் ஏறும். தாமதித்து வருபவரும் ‘எப்போது வந்தாலும் சோறு சூடாக இருக்கும்’ என்று பழகிவிடுவார். குறித்த நேரத்துக்கு வீடு தன்பாட்டில் நடக்கட்டும். அவர் நாற்காலி அவருக்காக இருக்கட்டும்.

கிடைத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மூன்றாண்டுக் குறைகளை முதல் செவ்வாயன்றே கொட்டினால் இரண்டாம் செவ்வாய் வராது. இவர்கள் வீட்டில் முதலில் உணவு, பிறகு மகனுடன் பரமபதம், பின்பு ஒரு பத்து மணிச் செபமாலை, அவ்வளவே. வெற்றி கண்டதும் வியாழனையும் கேட்கும் அவசரம் வரும்; மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். ஒன்று வேரூன்றுமுன் இரண்டாவதை நட்டால் இரண்டும் வாடும்.

இதே முறை மனைவி ஓயாது உழைக்கும் வீட்டிலும் பொருந்தும். செவிலியர், காவலர், ஓட்டுநர் போன்று பணிமுறை மாறுகிறவர்களுக்கு நிலையான கிழமை இயலாது. பணிப்பட்டியல் கைக்கு வந்த அன்றே அவ்வாரத்துக்குரிய நேரத்தைக் குறித்துவிட வேண்டும். பங்குப் பேரவை, அன்பியம், சபைகள் என்று எல்லாக் கூட்டத்துக்கும் ஓடுகிற நல்லவர்களின் வீட்டாரும் இதைக் கேட்கலாம். பங்குத்தந்தையர் தடை சொல்லக் கூடாது. ஆனால் அடி உதை, குடி, மறைக்கப்பட்ட வேறு உறவு இருக்கும் இடத்தில் இந்த முறையைக் கையாளாதீர்கள். அங்கே தேவைப்படுவது பாதுகாப்பும் வேறு உதவியும். உறக்கமின்மை, நெஞ்சுவலி தோன்றினால் மருத்துவரிடம் செல்வதே முதல் வேலை.

குறைகளுக்கும் ஓர் இடம் வேண்டுமே? 1962-ல் ஸ்பெயின் நாட்டுக் குரு கபிரியேல் கால்வோ தொடங்கிய தம்பதியர் சந்திப்பு இயக்கம் இதற்கு ஒரு வழியைப் பழக்குகிறது. ஒரு கேள்வியை வைத்து இருவரும் தனித்தனியே பத்து நிமிடம் எழுதுவது. நோட்டை மாற்றிப் படித்து, அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவது. தீர்ப்பு வழங்குவதில்லை, உள்ளத்து உணர்வைச் சொல்வது மட்டுமே. நம் தம்பதியர் நான்காம் மாதத்தில், பிள்ளைகள் உறங்கியபின், இதைத் தொடங்கினர். ஒருநாள் எடுத்துக்கொண்ட கேள்வி: வேலையில் எனக்கு அச்சம் தருவது எது? கணவர் மூன்றே வரி எழுதினார். வீடு கட்ட வங்கியில் வாங்கிய கடன் மனைவிக்குத் தெரியும். அதற்குமேல் கைமாற்றாக வாங்கிய தொகை ஒன்று இருந்தது, அது தெரியாது. வேலை போய்விட்டால் என்னாகும் என்ற பயமே அவரை இரவு பத்துவரை கம்பெனியில் கட்டிப்போட்டிருந்தது. மறு ஞாயிறு இருவரும் கடன் தாள்களையெல்லாம் மேசையில் பரப்பிக் கணக்குப் போட்டார்கள். மனைவியின் நகைச்சீட்டு முதிரும் மாதத்தில் கைமாற்றை அடைத்துவிடலாம் என்று தெரிந்தது. அதன்பின் அவர், ஞாயிறு பிற்பகல்களில் வேறொரு கம்பெனிக்குச் சாம்பிள் பார்த்துக் கொடுத்துவந்த வேலையைத் தாமாகவே விட்டுவிட்டார். அது இருந்ததே அதுவரை எனக்குத் தெரியாது.