உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி

சென்ற வாரம் மருவையும் பாலுண்ணியையும் பார்த்தோம். இந்த வாரம் மச்சம்.

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலுக்குப் போகிறவர்கள் புற்றுமண்ணைக் கையோடு கொண்டுவருவார்கள். சொறி, படை என்று தோலில் எது வந்தாலும் அதைக் குழைத்துப் பூசுவது அந்தப் பக்கத்தில் காலங்காலமாக உள்ள வழக்கம். அந்த நம்பிக்கைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. கறுத்து, வளர்ந்து, கசிகிற மச்சம் மட்டும் மண்ணைப் பார்ப்பதற்கு முன் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

மச்சம் நிறம் மாறுவதும் பெரிதாவதும் மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் அறிகுறிகள். வெள்ளைக்காரர்களுக்கு வெயில் படும் தோலில் இது அதிகம் வருகிறது. நம் தோலின் கருமை வெயிலைத் தடுத்துவிடுவதால் நமக்கு இந்த நோய் அரிது. வரும்போது பெரும்பாலும் வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று நாம் பார்க்காத இடத்தில் வருகிறது. நோயைக் கண்டுபிடிப்பது தாமதமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விசைத்தறியில் நாள் முழுக்க நிற்கும் ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். குதிகாலில் மிளகளவு கரும்புள்ளி. எப்போதோ குத்திய கருவேல முள் என்று விட்டுவிடுகிறார். ஒரு வருடத்தில் அது ஒன்றரை சென்டிமீட்டர் ஆகிறது. ஒரு பக்கம் கன்னங்கரேல், மறுபக்கம் பழுப்பு. ஓரம் நேராக முடியாமல், ஈரத்தாளில் மை ஊறியதுபோல் இழுத்துக்கொண்டு போகிறது. பிறகு நடுவில் ஒரு தடிப்பு, செருப்பில் ரத்தக்கறை. கால் ஆணி என்று மருந்துக்கடையில் பிளாஸ்திரி வாங்கி ஒட்டுகிறார். அதிலுள்ள அமிலம் மேல்தோலை அரிக்கிறது, உள்ளே இருப்பது வளர்கிறது. சர்க்கரை இருந்தால் 'சர்க்கரைப் புண்' என்று மாதக்கணக்கில் கட்டுப் போடுவதும் நடக்கும்.

தோல் டாக்டர் அவர் காலை எப்படிப் பார்ப்பார்? இரு பாதியும் ஒரே மாதிரி இருக்கிறதா, ஓரம் ஒழுங்காக இருக்கிறதா, எத்தனை நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேலா என்று பார்ப்பார். எல்லாவற்றையும்விட, சமீபத்தில் மாறியதா என்று கேட்பார். நாற்பதைத் தாண்டிப் புதிதாக வந்த மச்சம் என்றால் இன்னும் கவனிப்பார். பிறகு டெர்மாஸ்கோப் என்ற ஒளிக்கண்ணாடியை வைப்பார். உள்ளங்காலிலும் கைரேகை போல மேடும் பள்ளமுமாகக் கோடுகள் உண்டு. சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் பள்ளங்களில் ஓடும். மேடுகளில் நிறம் படர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் தடவிப் பார்ப்பார்.

அதோடு தீர்ப்பு வராது. பயாப்ஸிதான் முடிவு சொல்லும். சிறியதாக இருந்தால் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் விட்டு முழுதாக வெட்டி எடுப்பார்கள். நோய் தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று மைக்ரோஸ்கோப்பில் அளப்பார்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் என்றால் பெரும்பாலோர் அறுவைசிகிச்சையிலேயே குணமாகிறார்கள். நான்கைத் தாண்டினால் நெறிக்கும் நுரையீரலுக்கும் பரவும் ஆபத்து மிக அதிகம். கத்தி பட்டால் பரவும் என்ற பயம் தவறு. அழகு நிலையத்தில் சுடுவதும், அமிலம் வைப்பதும், முடியால் கட்டுவதும்தான் கெடுதல். அளந்து பார்க்கத் திசுவே மிஞ்சாது.

பாப் மார்லி என்ற ஜமைக்கா பாடகரின் கதை நகத்தடி நோய்க்கு உதாரணம். அவர் கால் கட்டைவிரலில் இருந்ததைக் கால்பந்து ஆடிய காயம் என்று எண்ணினார்கள். 1977இல் அது மெலனோமா என்று தெரிந்தது. விரலை எடுக்க அவர் மத நம்பிக்கையால் சம்மதிக்கவில்லை. நகத்தையும் சுற்றியுள்ள திசுவையும் மட்டும் எடுத்தார்கள். நோய் மூளைவரை பரவி, 1981 மே மாதம் 36 வயதில் இறந்தார்.

அடிபட்ட ரத்தக்கட்டு நகம் வளர வளர நுனியை நோக்கி நகர்ந்து வெளியேறிவிடும். நம் தோல்காரர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய கறுப்புக் கோடுகள் இருப்பதும் சகஜம். ஒரே ஒரு நகத்தில் கோடு அகன்றுகொண்டே போய், கறுப்பு நகக்கண் தோலுக்கும் ஏறினால் உடனே காட்டுங்கள். சில மெலனோமா கறுப்பாகவே இராது, இளஞ்சிவப்பாக ஆறாத புண் போல இருக்கும்.

வீட்டுப் பெரியவர்களால் குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முடியாது. எண்ணெய்க் குளியலன்று நீங்கள் பாருங்கள். சந்தேகமான புள்ளியைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போனில் படம் எடுத்துத் தேதி குறித்து வையுங்கள். ரத்தம் கசிந்தாலோ, புண் நான்கு வாரத்தில் ஆறாவிட்டாலோ அடுத்த படத்துக்குக் காத்திருக்க வேண்டாம். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகிலுள்ள தோல் மருத்துவரிடமோ காட்டி, பயாப்ஸி தேவையா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.