35 வயதில் துறை மாற்றம்: பட்டமா, செய்து காட்டிய வேலையா?

வேலை மாற நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது சட்டத்தை. வக்கீலாக வேண்டுமானால், ஏற்கெனவே பட்டதாரியாக இருந்தாலும் 3 ஆண்டு எல்.எல்.பி. படித்தே தீர வேண்டும். செயலிகளின் திரையை வடிவமைக்கும் யு.எக்ஸ். வேலைக்கு அப்படி உரிமம் எதுவும் கிடையாது.

வங்கி ஊழியர் ஒருவர் அதற்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடன் விண்ணப்பத்தில் மக்கள் எங்கே திணறுகிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. அதை மாற்றி வரைந்து, ஐந்து பேரை நிரப்பச் சொல்லி, அவர்கள் தடுமாறிய இடங்களைத் திருத்தி, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அதுவே நல்ல போர்ட்ஃபோலியோ. வெறும் அழகான படங்கள் எடுபடாது.

பிறகு விண்ணப்பித்துப் பார்க்கலாம். பார்த்தபின் நிராகரித்தால், குறை வேலையில் இருக்கிறது. பார்க்காமலே ‘இந்தத் துறையில் டிகிரி இல்லை’ என்று தொடர்ந்து தள்ளினால்தான் படிப்புக்குப் பணம் கட்டுவதில் அர்த்தமுண்டு.