முகம் மாறலாம், மினுக்கம் மாறக்கூடாது

ஒருவர் உடலில் இன்னொருவர் முகத்தைப் பொருத்தும் ஃபேஸ் ஸ்வாப் வேலையில், கண்ணும் வாயும் கச்சிதமாக அமைந்த பிறகும் முகம் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிவதுண்டு. பல சமயம் அதற்குக் காரணம் நெற்றியிலும் மூக்கிலும் உள்ள பளபளப்புதான். கழுத்தும் காதும் வியர்வையில் மின்னும். முகம் மட்டும் இப்போதுதான் பவுடர் போட்டது போல வறண்டிருக்கும். அல்லது வெயில் இடப்பக்கம் அடிக்க, மூக்கின் மினுக்கம் வலப்பக்கம் விழுந்திருக்கும். எது தவறு என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஏதோ சரியில்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

சினிமாவில் முகம் மாற்றுவது புதிதல்ல. 1993-இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்தில், கூரையிலிருந்து தொங்கும் சிறுமிக்காக நடித்த டூப் கேமராவை நிமிர்ந்து பார்த்துவிட்டார். அவர் முகத்தின் மேல் நடிகை அரியானா ரிச்சர்ட்ஸின் முகம் கணினியில் பொருத்தப்பட்டது. 2010-இல் வந்த ‘தி சோஷியல் நெட்வொர்க்’ படத்தில் இரட்டையர்களில் ஒருவருக்கு ஜோஷ் பென்ஸ் உடல் கொடுத்தார். முகம் ஆர்மி ஹாமருடையது. இன்று இந்த வேலையின் பெரும்பகுதியைப் பயிற்சி பெற்ற மென்பொருள் செய்துவிடுகிறது. பளபளப்பைச் சரிசெய்வது மட்டும் இன்னும் காம்பாசிட்டரின் கைவேலையாகவே இருக்கிறது.

தோலில் ஒளியின் இரு வழிகள்

தோல் மீது விழும் ஒளி இரண்டு விதமாகத் திரும்புகிறது. ஒரு பகுதி தோலுக்குள் நுழைந்து, சிதறி, இரத்தத்தின் சிவப்பையும் மெலனினின் பழுப்பையும் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறது. நாம் தோலின் நிறம் என்று சொல்வது இதைத்தான். இன்னொரு பகுதி உள்ளே போகாமல், மேலே படிந்திருக்கும் எண்ணெயிலும் வியர்வையிலும் பட்டு, கண்ணாடியில் படுவது போல அப்படியே திரும்பிவிடுகிறது. இதுதான் மினுக்கம். நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்குதான் இப்படித் திரும்பும். சாய்வாக விழும்போது இந்தப் பங்கு கூடும். சூரியனோ விளக்கோ மிகப் பிரகாசமாக இருப்பதால், அந்தச் சிறு பங்கே கண்ணைப் பறிக்கப் போதுமானது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. முதலாவது, மினுக்கத்துக்குத் தோலின் நிறம் கிடையாது. விளக்கின் நிறமே அதன் நிறம். இரண்டாவது, மெலனின் அதிகமானால் தோலின் நிறம் ஆழமாகும். ஆனால் மேற்பரப்பின் மினுக்கம் குறையாது. கறுத்த முகத்திலும் வெளுத்த முகத்திலும் ஒரே வெயில் ஏறக்குறைய ஒரே அளவு மினுக்கத்தைத்தான் சேர்க்கிறது. பின்னணி கறுப்பாக இருப்பதால் கறுத்த முகத்தில் அது தூக்கலாகத் தெரிகிறது. மாநிறமும் கறுப்புமான முகங்கள் அதிகம் வரும் தமிழ்ப் படங்களில் பளபளப்புத் தவறு எளிதாகக் கண்ணில் படுவது இதனால்தான்.

நெற்றியில் நகரும், மூக்கில் நிற்கும்

நெற்றி, மூக்கு, முகவாய் ஆகிய இடங்களில் எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. அதனால் முகத்தில் முதலில் மின்னுவது இவைதான். ஆனால் நெற்றி மின்னும் விதம் வேறு, மூக்கு மின்னும் விதம் வேறு.

விளக்குக்கும் கேமராவுக்கும் நடுத்திசையை நோக்கியிருக்கும் தோல் பகுதியில்தான் மினுக்கம் தோன்றும். தலை திரும்பினால், அந்தத் திசையை நோக்கும் பகுதி வேறாகிவிடும். மினுக்கமும் அங்கே நகர்ந்துவிடும். நெற்றியின் வளைவு மென்மையானது. அதை எட்டு சென்டிமீட்டர் ஆரமுள்ள வளைவாக எடுத்துக்கொண்டால், தலை 10 டிகிரி திரும்பும்போது மினுக்கம் தோலின் மேல் சுமார் 1.4 சென்டிமீட்டர் வழுக்கிச் செல்கிறது. மூக்கு நுனியின் ஆரம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். அங்கே அதே திருப்பத்துக்கு இரண்டு மில்லிமீட்டர்கூட நகராது. ஆகவே மூக்கில் மினுக்கம் சிறு புள்ளியாக ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றும். நெற்றியில் அது அகலமாகப் பரவி, அசைவுக்கு அசைவு இடம் மாறும்.

முகத்தோடு சேர்த்து மினுக்கத்தையும் ஒட்டிவிட்டால், நெற்றியின் வெளிச்சத் திட்டு தோலோடு சேர்ந்தே திரும்பும். சுண்ணாம்பு பூசியது போல நிற்கும். ஒரு பிரேமை நிறுத்திப் பார்த்தால் இந்தத் தவறு பிடிபடாது. ஓடவிட்டால்தான் தெரியும்.

மென்பொருள் எங்கே சறுக்குகிறது

முகம் மாற்றும் மென்பொருள், நடிகரின் பல படங்களிலிருந்து முகத்தைக் கற்றுக்கொள்கிறது. அந்தப் படங்கள் பெரும்பாலும் பவுடர் போட்டு, மென்மையான விளக்கில் எடுக்கப்பட்டவை. எனவே மென்பொருள் தரும் முகத்தில் மினுக்கம் மங்கிப் பரவியிருக்கும். தோலின் நுண்துளைகளால் சிதறி, பொடிப்பொடியாகத் தெரிய வேண்டிய வெளிச்சம் மெழுகு போல வழவழப்பாகிவிடும்.

நிறப் பொருத்தத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பல கருவிகள் இரண்டு முகங்களின் சராசரி நிறத்தையும் அதன் ஏற்ற இறக்கத்தையும் கணக்கிட்டு, ஒன்றை மற்றொன்றுக்கு இசைவாக்குகின்றன. வியர்த்த டூப்பின் முகத்தில் உள்ள வெள்ளைத் திட்டுகள் அந்தச் சராசரியை உயர்த்திவிடும். விளைவாக, புதிய முகம் முழுவதும் வெளுத்துப்போகும். வெளிச்சம் வர வேண்டிய நெற்றியில் மட்டும் வராது. மின்னும் இடங்களை மாஸ்க் போட்டு ஒதுக்கிவிட்டு, மினுக்கமில்லாத தோலை மட்டும் கணக்கில் எடுத்தால் இது தீர்ந்துவிடும்.

ஒரு காட்சி, படிப்படியாக

நடுப்பகல் வெயிலில் ஒரு துரத்தல் காட்சி என்று வைத்துக்கொள்வோம். ஓடுபவர் டூப், நடிகரின் ஒப்புதலோடு அவர் முகம் பொருத்தப்படுகிறது. டூப் அந்த வெயிலிலேயே ஓடியிருப்பதால், மினுக்கம் எங்கே, எவ்வளவு, என்ன நிறத்தில் வர வேண்டும் என்பதற்கு அவர் முகமே சாட்சி. படத்தை முதலில் லீனியர் முறைக்கு, அதாவது எண்கள் ஒளியின் அளவோடு நேர் விகிதத்தில் இருக்கும் முறைக்கு, மாற்றிக்கொள்ள வேண்டும்.

டூப்பின் நெற்றியில் மின்னாத இடத்தை அளந்தால் சிவப்பு 0.20, பச்சை 0.13, நீலம் 0.09 என்று வருகிறது. பக்கத்தில் மின்னும் இடத்தில் 0.70, 0.62, 0.56. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.50, 0.49, 0.47. மூன்று எண்களும் கிட்டத்தட்ட சமம். வெயில் சேர்த்த மினுக்கம் இவ்வளவுதான்: லேசான மஞ்சள் கலந்த வெள்ளை.

புதிய முகத்தின் நெற்றி 0.22, 0.14, 0.10 என்று இருக்கிறது. அதைப் பிரகாசமாக்க மூன்றால் பெருக்கினால் 0.66, 0.42, 0.30 வரும். சிவப்பு சரியாகவே இருக்கிறது. நீலம் பாதியளவுக்குக் குறைந்துவிட்டது. நெற்றி வியர்த்தது போலத் தெரியாமல் செம்பு நிறமாகத் தெரியும். பெருக்குவதற்குப் பதிலாக வித்தியாசத்தைக் கூட்டினால் 0.72, 0.63, 0.57 வரும். டூப்பின் நெற்றிக்கு மிக நெருக்கமான வெளிச்சம் இது. நியூக் மென்பொருளில் இதற்கு `Merge` நோடில் `plus` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வேலையின் வரிசை இதன்படி அமைகிறது. முதலில் புதிய முகத்தில் ஏற்கெனவே இருக்கும் மினுக்கத்தை அகற்ற வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு சூரியன்கள் அடிப்பது போல இரட்டை மினுக்கம் வரும். தோலின் சொந்த நிறத்தில் நீலம் மிகக் குறைவு என்பதால், நீலச் சேனலை மட்டும் பார்த்தால் மினுக்கம் எங்கே இருக்கிறது என்பது பளிச்சென்று தெரியும். அந்த இடங்களைப் பக்கத்துத் தோலால் நிரப்பிவிடலாம். அடுத்து நிறப் பொருத்தம். அதன் பிறகு டூப்பின் முகத்திலிருந்து மின்னாத நிறத்தைக் கழித்து, எஞ்சும் மினுக்கத்தைத் தனி அடுக்காகப் பிரிக்க வேண்டும். கடைசியாக அந்த அடுக்கைப் புதிய முகத்தின் மூக்குத்தண்டுக்கும் புருவமேட்டுக்கும் ஏற்ப வளைத்து, மேலே கூட்ட வேண்டும். அடுக்கை மங்கலாக்கக் கூடாது; நுண்துளைகளால் உடைந்த வெளிச்சம் அதில் அப்படியே இருக்க வேண்டும்.

வியர்வைத் துளிகள்

எண்ணெய்ப் பளபளப்பைவிட வியர்வை கடினம், ஏனென்றால் துளிக்குக் கனம் உண்டு. விளக்கைப் பார்த்த பக்கத்தில் ஒரு கூரிய வெள்ளைப் புள்ளி இருக்கும். துளிக்குள் புகுந்த ஒளி குவிந்து, எதிர்ப்பக்கத் தோலில் ஒரு சிறு வெளிச்சக் கீற்றை உண்டாக்கும். ஓரத்தில் மெல்லிய நிழலும் விழும். வெள்ளைப் புள்ளிகளை மட்டும் தூவினால் வியர்வை போலத் தெரியாது, தூசி போலத்தான் தெரியும். முடியோரத்திலும் பொட்டிலும் திரளும் துளிகளை டூப்பின் முகத்தில் இருந்தபடியே விட்டுவிட்டு, புதிய முகத்தின் எல்லையை அவற்றுக்கு உள்ளே அமைப்பதே நல்லது. வழிந்தோடும் துளி தோலோடு அசையாமல் தோலின் மேல் இறங்குவதால், முகத்தின் டிராக்கிங்கோடு அதைக் கட்டக் கூடாது.

சோதனையும் எல்லையும்

வேலை முடிந்ததும், திரையில் மட்டும் எக்ஸ்போஷரை மூன்று நான்கு ஸ்டாப் இறக்கிப் பார்க்க வேண்டும். தோலின் நிறம் இருட்டில் மறைந்து, மினுக்கங்கள் மட்டும் மிஞ்சும். நெற்றியும் மூக்கும் காது, கழுத்து, கை ஆகியவற்றோடு ஒரே பிரகாசத்திலும் நிறத்திலும் தெரிந்தால் நிறுத்திய படத்தில் வேலை சரி. பிறகு அதே இருட்டில் காட்சியை ஓடவிட்டு, தலை திரும்பும்போது நெற்றியின் வெளிச்சம் தோலின் மேல் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. டூப்பின் முகத்தில் வெளிச்சம் கேமராவின் தாங்கும் அளவைத் தாண்டி முழு வெள்ளையாக வெடித்திருந்தால், அங்கே உண்மையான அளவு பதிவாகவே இல்லை. கழித்தெடுக்க எதுவும் கிடைக்காது. டூப்பின் மூக்கு வடிவம் நடிகரிடமிருந்து மிகவும் வேறுபட்டாலும் வளைத்த மினுக்கம் பொய்யாகத் தெரியும். அப்போது முகத்தின் முப்பரிமாண வடிவத்தைச் செய்து, படப்பிடிப்புத் தளத்தில் எடுத்த குரோம் பந்தின் படத்திலிருந்து விளக்குகளின் இடத்தை அறிந்து, மினுக்கத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டியிருக்கும்.

இவ்வளவு உழைப்பையும் தளத்திலேயே பாதியாகக் குறைக்கலாம். டூப்புக்கும் நடிகருக்கும் ஒரே மேக்கப் கலைஞர், ஒரே பவுடர், ஒரே அளவு கிளிசரின் தண்ணீர். ஒவ்வொரு விளக்கமைப்பிலும் குரோம் பந்தைப் பிடித்து சில விநாடிகள் படம். படப்பிடிப்பு நாளில் இதற்கு ஆகும் சில நிமிடங்களை ஒதுக்கத் தவறினால், அதன் விலையைக் காம்பாசிட்டர் பல நாள் உழைத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.